அப்லோட் செய்ததும் படம் ஏன் மங்குகிறது? கூர்மையைக் காப்பாற்ற முழுமையான வழிகாட்டி

கேலரியில் திறந்தால் மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. அதே படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு இன்னொருவர் போனில் பார்த்தால் பச்சைப் பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது. கேமராவில் கோளாறு இல்லை. படம் போய்ச் சேர்வதற்குள் அதன்மேல் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. முதலில் பிக்சல்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. பிறகு மீதமுள்ள பிக்சல்கள் கம்ப்ரஸ் செய்யப்பட்டன. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "குவாலிட்டி 100 வைத்தேன், ஆனாலும் மங்கலாக வருகிறது" என்ற புலம்பல் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

முதல் வேலையை நாம் முழுவதுமாக நம் கைக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவதைத் தடுக்க முடியாது, ஆனால் அதற்கு எப்படிப்பட்ட படத்தைக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. போனில் எடுத்த ஒரு நெடுக்குப் படத்தை இன்ஸ்டாகிராமுக்குத் தயார் செய்வதை இங்கே முழுதாகச் செய்து பார்ப்போம். வாட்ஸ்அப்பும் வீடியோவும் பிறகு வருகின்றன. அவற்றிலும் அடிப்படைக் கணக்கு இதேதான்.

## முதல் அடி: அளவு குறைப்பு

12 மெகாபிக்சல் போன் கேமரா எடுக்கும் நெடுக்குப் படம் பொதுவாக 3024 × 4032 பிக்சல். இன்ஸ்டாகிராம் ஃபீடில் ஒரு படத்தின் அகலம் அதிகபட்சம் 1080 பிக்சல். 3024-ஐ 1080-ஆல் வகுத்தால் 2.8. அதாவது உங்கள் படத்தின் ஒவ்வொரு 2.8 × 2.8 சதுரமும், ஏறக்குறைய எட்டு பிக்சல்கள், ஒரே பிக்சலாகச் சுருங்குகின்றன. எட்டில் ஏழு பங்கு போய்விடுகிறது என்பது கேட்கப் பயமாக இருந்தாலும், போன் திரையில் பார்க்க 1080 போதும். கூர்மை கெடுவது எண்ணிக்கை குறைவதால் அல்ல, குறைக்கும் விதத்தால்.

எட்டு பிக்சல்களின் சராசரியை எடுத்து ஒன்றாக்கினால் ஓரங்கள் தவிர்க்க முடியாமல் கொஞ்சம் மென்மையாகும். வெள்ளைச் சுவருக்கும் கருப்புக் கம்பிக்கும் நடுவில் இருந்த துல்லியமான கோடு, சாம்பல் நிறப் பிக்சல் ஒன்றை நடுவில் வைத்துக்கொள்ளும். கைதேர்ந்தவர்கள் அளவைக் குறைத்த பிறகு ஒருமுறை லேசாக ஷார்ப்பன் செய்வது இதை ஈடுகட்டத்தான். பெரிய படத்தை அப்படியே அனுப்பினால் அளவைக் குறைப்பது ஆப் அல்லது சர்வர். கோடிக்கணக்கான படங்களுக்கு ஒரே முறையில் அதைச் செய்கிற இயந்திரம் அது. உங்கள் படத்துக்கு எவ்வளவு ஷார்ப்பனிங் தேவை என்று அது நின்று பார்ப்பதில்லை.

எழுத்து உள்ள படங்களில் இதன் விளைவு உடனே கண்ணில் படும். படத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது, அதன் எழுத்துகள் 40 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 2.8-ஆல் வகுத்தால் 14 பிக்சல். அந்த உயரத்தில் ஆங்கில எழுத்து தப்பித்துவிடும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அங்கே ஒன்றிரண்டு பிக்சல்தான் கிடைக்கும். அதுவும் பின்னணியோடு கலந்து சாம்பலாகிவிட்டால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். எழுத்து முக்கியமென்றால் எடுக்கும்போதே நெருங்கிப்போய் எடுங்கள், அல்லது பலகையை மட்டும் க்ராப் செய்து தனிப் படமாகப் போடுங்கள். இதற்கு எந்த செட்டிங்கும் மாற்று இல்லை.

## இரண்டாவது அடி: ஜேபெக் எதைத் தூக்கி எறிகிறது

ஜேபெக் 1992-இல் தரப்படுத்தப்பட்ட முறை. அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 பிக்சல்களை 64 வேறு எண்களாக மாற்றுகிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்த எண்கள் மெதுவான ஏற்ற இறக்கத்தில் தொடங்கி, கடைசியில் மிக நுணுக்கமான கோடுகளையும் புள்ளிகளையும் குறிக்கின்றன. இதுவரை இழப்பு ஒன்றும் இல்லை. அடுத்த படியில்தான் கத்தி விழுகிறது. ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்கிச் சேமிக்கிறது.

பரவலாகப் பயன்படும் அட்டவணையில் ஓர் எண்ணை மட்டும் எடுத்துப் பார்ப்போம். குவாலிட்டி 75 என்று வைத்தால் மிக நுணுக்கமான விவரத்துக்கான வகுக்கும் எண் 50. குவாலிட்டி 90-இல் அது 20. உங்கள் படத்தின் ஒரு கட்டத்தில், இலை நரம்பு ஒன்றின் காரணமாக அந்த இடத்தில் 20 என்ற மதிப்பு இருக்கிறது. 90-இல் 20 ÷ 20 = 1 என்று சேமிக்கப்பட்டு, திறக்கும்போது 20 ஆகவே திரும்பி வருகிறது. 75-இல் 20 ÷ 50 = 0.4, முழு எண்ணாக்கினால் 0. இலை நரம்பு போய்விட்டது. எந்த ஆப்பாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அந்த இடத்தில் சேமிக்கப்பட்டிருப்பது சுழியம்.

இலை, புல், தலைமுடி, துணியின் நெசவு ஆகியவை முதலில் மங்குவது இதனால்தான். அவற்றின் உயிரே அந்த நுணுக்கமான எண்களில் இருக்கிறது. இழப்பு இன்னும் கூடினால் 8 × 8 கட்டங்களின் ஓரங்களே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நீல வானத்தில் சதுரம் சதுரமாகத் தெரிவது அதுதான். கூரையின் விளிம்பு, எழுத்தின் விளிம்பு போன்ற இடங்களைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலப் புள்ளிகள் தெரிந்தாலும் காரணம் இதே.

நிறத்துக்கு ஜேபெக் இன்னும் கஞ்சத்தனம் காட்டுகிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கவனிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பதால், வழக்கமாக 2 × 2 நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்பு வைக்கப்படுகிறது. இதன் பெயர் 4:2:0. இயற்கைக் காட்சியில் இது தெரியவே தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்டால் உடனே தெரியும், விளிம்பு கரைந்து வழியும். போஸ்டர் வடிவமைப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறத்தில் மட்டுமல்லாமல் வெளிச்சத்திலும் பெரிய வேறுபாடு இருக்க வேண்டும் என்பது. அடர் நீலத்தில் வெள்ளை எழுத்து எவ்வளவு கம்ப்ரஸ் ஆனாலும் நிற்கும்.

## ஒரு படத்தைத் தயார் செய்வோம்

ஒரு கட்டடத்தின் வாசலில் ஒருவர் நிற்கிறார், பின்னால் மரம், மேலே வானம். கோப்பு 3024 × 4032 ஜேபெக். இலவச மென்பொருளான கிம்ப்பில் செய்யும் முறையைச் சொல்கிறேன். வேறு மென்பொருள் என்றாலும் வரிசை இதேதான், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. அசலில் இருந்து தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி, ஸ்க்ரீன்ஷாட், ஏற்கெனவே ஓர் ஆப்பில் சேமித்த பிரதி எதுவும் வேண்டாம். கூகுள் போட்டோஸில் "Storage saver" தேர்ந்தெடுத்திருந்தால், மேகத்தில் இருக்கும் படமே ஒருமுறை கம்ப்ரஸ் ஆனது. போனில் அசல் இன்னும் அழியாமல் இருந்தால் அதை எடுங்கள். படத்தின் விவரப் பக்கத்தில் பிக்சல் அளவைப் பாருங்கள். 1200 × 1600 என்று இருந்தால் அது கேமராவில் இருந்து நேராக வந்ததல்ல.

2. நிறத்தை sRGB-க்கு மாற்றுங்கள். ஐபோன் உட்படப் பல போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிற வெளியில் படம் சேமிக்கின்றன. இடையில் ஏதாவது ஒரு மென்பொருள் அந்தக் குறிப்பைத் தொலைத்துவிட்டால் சிவப்பும் பச்சையும் சோகையாகத் தெரியும். "Image → Color Management → Convert to Color Profile" போய் sRGB தேர்ந்தெடுங்கள். அதே மெனுவில் இருக்கும் "Assign" வேறு. அது நிறத்தை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், படம் கெட்டுப்போகும்.

3. நாய்ஸைக் கொஞ்சம் குறையுங்கள், தேவைப்பட்டால் மட்டும். பகலில் எடுத்த படமென்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இரவில் எடுத்ததென்றால் இருளில் மினுக்கும் புள்ளிகளும் ஜேபெக் கணக்கில் நுணுக்கமான விவரம்தான். கிடைக்கிற இடத்தை அவை தின்றுவிட்டு, முகத்துக்கும் உடைக்கும் குறைவாக விட்டுவைக்கும். ஆனால் வானத்தை முழுக்க வழவழப்பாக்கிவிடாதீர்கள். நாய்ஸ் அறவே இல்லாத சாய்நிறம் கம்ப்ரஸ் ஆகும்போது பட்டை பட்டையாகப் பிரியும். கொஞ்சம் பொடிநாய்ஸ் இருந்தால் அந்தப் பட்டைகளை மறைக்கும். இதில் பொதுவிதி சொல்ல முடியாது. வானம் பெரிதாக இருக்கும் படத்தில் நாய்ஸை விட்டுவைப்பேன், முகம் பெரிதாக இருக்கும் இரவுப் படத்தில் குறைப்பேன்.

4. க்ராப் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமில் நீண்ட காலமாக இருந்த நெடுக்கு விகிதம் 4:5. 2025-இல் போன் கேமராவின் இயல்பான 3:4-உம் சேர்ந்தது. 4:5 என்றால் 3024 × 3780, 3:4 என்றால் க்ராப் தேவையில்லை. நம் எடுத்துக்காட்டில் வானம் அதிகமாக இருப்பதால் மேலே 252 பிக்சலை வெட்டி 4:5 ஆக்குவோம்.

5. அளவைக் குறையுங்கள். "Image → Scale Image" திறந்து அகலத்தில் 1080 போடுங்கள், உயரம் தானாக 1350 ஆகும். "Interpolation" என்ற இடத்தில் LoHalo தேர்ந்தெடுங்கள். அளவைக் குறைக்கும்போது ஓரங்களில் வெள்ளைக்கோடு வராமல் பார்த்துக்கொள்ளும் முறை அது. None என்பதைத் தொடவே வேண்டாம், கம்பிகளும் முடியும் படிக்கட்டு படிக்கட்டாக உடையும்.

6. விசைப்பலகையில் 1 அழுத்திப் படத்தை 100 சதவீத அளவில் பாருங்கள். திரைக்குப் பொருந்தும் அளவில் பார்த்து ஷார்ப்பன் செய்தால் கை எப்போதும் தாராளமாகிவிடும்.

7. ஷார்ப்பன். "Filters → Enhance → Sharpen (Unsharp Mask)" திறந்தால் "Radius" 3 என்று இருக்கும். 1080 பிக்சல் படத்துக்கு அது மிக அதிகம். Radius 0.6, Amount 0.5, Threshold 0 என்று தொடங்குங்கள். போதாவிட்டால் Amount-ஐ 0.8 வரை ஏற்றலாம், Radius-ஐ ஏற்றாதீர்கள். மிகையாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, கட்டடத்தின் விளிம்பு வானத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தால் ஒரு படி இறக்குங்கள். அந்தக் கோட்டைத்தான் சர்வரின் கம்ப்ரஷன் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் கொசுப்புள்ளிகளைப் பரப்பும். ஷார்ப்பனிங் கூடினால் படம் மோசமாவது இப்படித்தான்.

8. சேமியுங்கள். "File → Export As" போய்க் கோப்புப் பெயரை .jpg என்று முடித்து, Quality 90 வையுங்கள். "Advanced Options" திறந்து "Subsampling" என்பதில் 4:4:4 தேர்ந்தெடுங்கள். சர்வர் பிறகு 4:2:0-க்கு மாற்றினாலும், நிறத்தை ஒருமுறை குறைப்பதற்கும் இரண்டுமுறை குறைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

90 ஏன், 100 ஏன் இல்லை? 100 வைத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, கோப்பு பெருக்கும், கண்ணுக்குத் தெரியும் லாபம் இருக்காது. மாறாக, "சர்வர் எப்படியும் 75-க்குக் குறைக்கும், நாமே 75-இல் கொடுத்தால் தொடாது" என்று ஒரு யோசனை உலவுகிறது. அதை நம்ப வேண்டாம். ஒரே அட்டவணை, ஒரே கட்ட அமைப்பு என்றால் இரண்டாவது கம்ப்ரஷனில் இழப்பு மிகக் குறைவு என்பது உண்மைதான். சர்வரின் அட்டவணை உங்களுடையதோடு பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பொருந்தாவிட்டால் இரண்டு வகுத்தல்களின் பிழையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். பிஎன்ஜி-யாகக் கொடுத்தாலும் போட்டோவை ஜேபெக் போன்ற வடிவத்துக்கு மாற்றித்தான் காட்டுவார்கள், அதனால் பெரிய பயன் இல்லை.

நிறையப் படங்களுக்கு ஒரே மாதிரி செய்ய வேண்டியவர்களுக்கு இமேஜ்மேஜிக் கட்டளை ஒன்று போதும். sRGB.icc என்ற கோப்பு அதே கோப்புறையில் இருக்க வேண்டும்.

```
magick in.jpg -auto-orient -profile sRGB.icc -resize 1080x \
  -unsharp 0x0.6+0.6+0.01 -sampling-factor 4:4:4 -quality 90 out.jpg
```

போனில் மட்டுமே வேலை செய்பவர்கள் லைட்ரூம் மொபைலில் "Export as" போனால் அளவு, குவாலிட்டி, ஷார்ப்பனிங், நிற வெளி நான்கையும் அங்கேயே அமைக்கலாம். வேறு எடிட்டர் பயன்படுத்தினால் அகலத்தைப் பிக்சல் எண்ணாகக் கொடுக்க முடிகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். "Small, Medium, Large" என்று மட்டும் கேட்கும் ஆப் இந்த வேலைக்கு உதவாது.

## ஆப்பில் மாற்ற வேண்டிய ஒரே செட்டிங்

இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் "Media quality" என்ற பகுதி இருக்கிறது. ஆப் பதிப்பைப் பொறுத்து "Data usage and media quality" என்ற பெயரிலும் இருக்கலாம். அதற்குள் "Upload at highest quality" என்பதை ஆன் செய்யுங்கள். இது ஆஃப் ஆக இருந்தால் நெட்வொர்க் நிலையைப் பார்த்துத் தரத்தைக் குறைத்து அனுப்பும் உரிமை ஆப்புக்கு இருக்கிறது. மேலே சொன்ன எட்டுப் படிகளையும் செய்துவிட்டு இதை விட்டுவிட்டால் பாதி உழைப்பு வீண். பதிவிடும் திரையில் படத்தை விரலால் பெரிதாக்கி நகர்த்துவதையும் தவிருங்கள். அப்படிச் செய்தால் 1080-இன் ஒரு பகுதியை மட்டும் எடுத்து மறுபடி 1080-ஆக இழுக்க வேண்டிவரும்.

பேஸ்புக்குக்கு அகலத்தை 2048 ஆக வையுங்கள். 720, 960, 2048 ஆகிய மூன்றும் அவர்களே பரிந்துரைக்கும் அகலங்கள். கவர் படத்துக்கு 851 × 315 அளவில், 100 கேபிக்குள், sRGB ஜேபெக்காகக் கொடுக்கும்படி அவர்களின் உதவிப்பக்கம் சொல்கிறது.

## சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது

பதிவிட்ட உடனே உங்கள் போனிலேயே பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஆப் உங்கள் கையிலுள்ள பிரதியையே சிறிது நேரம் காட்டிக்கொண்டிருக்கலாம். இன்னொரு போனில், இன்னொரு கணக்கில், வைஃபையில் பாருங்கள். அந்தப் போனில் டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் சிறிய பிரதி இறங்கக்கூடும். அப்போது குற்றம் உங்கள் அப்லோடில் இல்லை.

ஒப்பிடும்போது படம் முழுவதையும் பார்த்தால் வேறுபாடு பிடிபடாது. முன்கூட்டியே மூன்று இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நம் படத்தில் அவை, மரத்தின் நிழலில் இருக்கும் இலைகள், கண்ணிமை, வானத்தின் மூலை. இலை பஞ்சாகி இமை கூர்மையாக இருந்தால் கம்ப்ரஷன் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே அளவுக்கு மென்மையாக இருந்தால் அளவு குறைப்பில் கோளாறு, பெரும்பாலும் பெரிய கோப்பையே மாற்றி அனுப்பியிருப்பீர்கள். வானம் பட்டையாகப் பிரிந்திருந்தால் நாய்ஸ் குறைப்பு மிகையாகிவிட்டது.

வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றில் வந்த படத்தைக் கோப்பாகவே எடுக்க முடிவதால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்:

```
magick identify -format "%w x %h  Q=%Q  %[jpeg:sampling-factor]\n" got.jpg
```

அகலமும் உயரமும், ஏறக்குறைய எந்தக் குவாலிட்டியில் சேமிக்கப்பட்டது என்பதும் வரும். கடைசியில் 2x2,1x1,1x1 என்று வந்தால் அது 4:2:0. 1x1,1x1,1x1 என்றால் நிறம் முழுதாக இருக்கிறது.

## வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது

சாதாரணமாக அனுப்பினால் நீளமான பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும். 2023-இல் வந்த HD பொத்தான் அனுப்பும் திரையின் மேலே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தொட மறந்துவிடுகிறது என்றால் "Settings → Storage and data → Media upload quality" போய் HD-யை நிரந்தரமாக்கலாம். HD-யும் கம்ப்ரஷன்தான், கொஞ்சம் தாராளமானது, அவ்வளவே.

அச்சடிக்கப் போகும் படம், எடிட் செய்யப்போகும் படம், கையெழுத்துப் பக்கத்தின் போட்டோ ஆகியவற்றை "Document" வழியாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அனுப்பலாம், ஒரு பைட் கூட மாறாது. எடுத்த தேதி, இடம் போன்ற உள்குறிப்புகளும் சேர்ந்தே போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டு இருப்பிடம் அதில் இருக்கக் கூடாது என்றால் அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள்.

வந்த படத்தை இன்னொருவருக்கு அனுப்ப "Forward" பயன்படுத்தினால் அதே கோப்பு போகிறது, புதிய இழப்பு இல்லை. கேலரியில் சேமித்து அங்கிருந்து புதிதாக அனுப்பினால் மறுபடி கம்ப்ரஸ் ஆகும். ஐந்தாறு கை மாறிய அழைப்பிதழ்களில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல இருப்பது இந்தச் சங்கிலியால்தான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அளவு மாற்றமும் சேர்ந்துகொள்ளும், 8 × 8 கட்டங்கள் புதிய இடங்களில் விழும், பழைய கட்டங்களின் ஓரங்களும் 'விவரம்' என்று எண்ணிப் பத்திரமாகச் சேமிக்கப்படும்.

## வீடியோ

வீடியோவில் கணக்கு இன்னும் கடுமை. 1920 × 1080, விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் விநாடிக்கு 6.22 கோடி பிக்சல். யூடியூப் இந்த அளவுக்கு அப்லோடில் பரிந்துரைக்கும் பிட்ரேட் விநாடிக்கு 8 மெகாபிட். ஒரு பிக்சலுக்கு ஒரு பிட்டில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. கம்ப்ரஸ் செய்யாத பிக்சலுக்கு 24 பிட் வேண்டும். இவ்வளவு குறைவில் சமாளிக்க முடிவது, ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாகச் சேமிக்காமல் முந்தைய ஃப்ரேமில் இருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சேமிப்பதால். அதனால்தான் அசையாத பின்னணியில் ஒருவர் பேசும் வீடியோ நன்றாக வருகிறது, அருவியும் மழையும் காற்றில் ஆடும் இலையும் கூழாகின்றன. கை நடுங்க எடுத்தால் பின்னணி முழுவதும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்கிறது. ட்ரைபாடில் வைப்பது இங்கே அழகுக்காக மட்டுமல்ல, பிட்டை மிச்சப்படுத்தும் வேலை.

போனில் HDR வீடியோவை அணைத்துவிட்டு எடுங்கள். ஐபோனில் அது "Settings → Camera → Record Video" பக்கத்தில் இருக்கிறது. HDR-ஐச் சரியாக மாற்றத் தெரியாத ஆப்பில் ஏற்றினால் வீடியோ வெளுத்துப்போய்த் தெரியும். நெடுக்கு வீடியோவை 1080 × 1920-க்கு நீங்களே மாற்ற, ffmpeg என்ற இலவச மென்பொருளின் கட்டளை இது:

```
ffmpeg -i in.mov -vf "scale=1080:1920:flags=lanczos,setsar=1,fps=30" \
  -c:v libx264 -preset slow -crf 18 -pix_fmt yuv420p \
  -c:a aac -b:a 192k -movflags +faststart out.mp4
```

இதில் crf 18 என்பது தரத்தைக் குறிக்கும் எண். எண் குறையக் குறையத் தரம் கூடும். மூலக்கோப்பு 9:16 விகிதத்தில் இல்லாவிட்டால் இந்தக் கட்டளை ஆட்களை இழுத்து ஒல்லியாக்கிவிடும், அதனால் முதலில் விகிதத்தைப் பாருங்கள்.

யூடியூபில் இன்னொரு வித்தை உண்டு. பார்வையாளர்கள் குறைவான சேனலின் 1080 வீடியோவைப் பெரும்பாலும் பழைய எச்.264 முறையில்தான் காட்டுகிறார்கள். அதே வீடியோவை 2560 × 1440-க்குப் பெரிதாக்கி ஏற்றினால் விபி9 கிடைக்கிறது, நுணுக்கங்கள் கூடுதலாகத் தப்பிக்கின்றன. புதிய விவரம் எதுவும் சேரவில்லை, கூடுதல் பிட்ரேட்டுக்கான நுழைவுச்சீட்டு அது. எது கிடைத்தது என்று தெரிய, வீடியோமேல் வலது கிளிக் செய்து "Stats for nerds" திறந்து Codecs வரியைப் பாருங்கள். avc1 என்றால் எச்.264, vp09 என்றால் விபி9. ஏற்றிய முதல் சில நிமிடங்களில் குறைந்த தரப் பிரதி மட்டுமே தயாராகியிருக்கும். வீடியோ மங்கலாக இருக்கிறது என்று அந்த நேரத்தில் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுபவர்கள் காத்திருப்பை முதலில் இருந்து தொடங்குகிறார்கள். உயர்தரப் பிரதி தயாராகும்வரை "Private" ஆக வைத்திருந்துவிட்டு, பிறகு வெளியிடுங்கள்.